படிக்க முடியாத சொல்லை என்ன செய்வது? சாட்சி வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கும்போது

கேள்வி: ஒரு வக்கீல் ஆபீசில் ஜூனியராக இருக்கிறேன். ஜாமீன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகிறது. போலீஸ் கையால் எழுதிய ஒரு சாட்சி வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்திருப்பது ஜெராக்ஸ்தான், அதில் சில சொற்கள் தெளிவாக இல்லை. சீனியர் “வழக்கைப் பார்த்தாலே என்ன சொல் என்று தெரியுமே, போட்டுவிடு” என்கிறார். போடலாமா? போடக்கூடாது என்றால் எப்படிக் காட்டுவது?

பதில்:

போடக்கூடாது. நீங்கள் மொழிபெயர்ப்பது நடந்த சம்பவத்தை அல்ல, இந்தத் தாளை. தாள் எந்த அளவுக்குத் தெளிவாக இருக்கிறதோ, ஆங்கிலமும் அதே அளவுக்குத்தான் தெளிவாக இருக்க வேண்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் வேலை இருக்கிறது. நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் இந்தத் தாள் எதற்குப் பயன்படும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணையில் எழுதப்படும் இந்த வாக்குமூலம் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 161-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 180. இதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவதில்லை. பிறகு விசாரணையில் சாட்சி கூண்டில் ஏறி வேறு மாதிரி சொன்னால், “அன்றைக்குப் போலீசிடம் இப்படித்தானே சொன்னீர்கள்” என்று முரண்பாட்டைக் காட்டத்தான் இதை எடுப்பார்கள். ஜாமீன் கட்டத்திலோ, யார் என்ன செய்தார் என்று பார்க்க நீதிபதிக்கு இருப்பது பெரும்பாலும் இதுபோன்ற தாள்கள்தான். இரண்டு இடத்திலும் ஒரே ஒரு சொல் மாறினால் விஷயமே மாறிவிடும். நீங்கள் ஊகித்து ஒரு சொல்லைப் போட்டால், சாட்சி சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகலாம். இல்லாத முரண்பாடு முளைக்கலாம், இருக்கிற முரண்பாடு மறையலாம். டெல்லியில் ஆங்கிலத்தை மட்டும் படிக்கிற நீதிபதிக்கு அது ஊகம் என்று தெரிய வழியே இல்லை.

உங்கள் தாளை நான் பார்க்கவில்லை. அதனால் மாதிரிக்கு ஒரு பகுதியை நானே எழுதுகிறேன். இதுபோன்ற தாள்களில் ரைட்டர் பாதி எழுத்து நடையிலும் பாதி சாட்சி பேசினபடியும் எழுதியிருப்பார்:

“ராத்திரி சுமார் 9 மணி இருக்கும். சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தெரு விளக்கு எரியவில்லை. கையில் கம்ப_ வைத்திருந்தாங்க. என் மச்சானைத் தலையில் அடிச்சாங்க. யாருன்னு தெரியல. நான் கத்தவும் ரெண்டு பேரும் தெற்குப் பக்கம் ஓடிட்டாங்க.”

ஏழு சின்ன வாக்கியம். ஆனால் இதிலேயே பல வகைச் சிக்கல் இருக்கிறது.

ஆங்கிலத்தைத் தொடுவதற்கு முன்னால் தமிழை அப்படியே தட்டச்சு செய்துவிடுங்கள். நேரம் போகிறதே என்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். எழுத்து என்ன என்று முடிவு செய்வது ஒரு வேலை, அதற்கு அர்த்தம் என்ன என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், அர்த்தம் வந்து எழுத்தைத் தீர்மானித்துவிடும். கையெழுத்துத் தாளில் எந்த இடத்தில் வரி முடிகிறதோ, தட்டச்சிலும் அங்கேயே வரியை உடைத்து, பக்கத்துக்கு 1, 2, 3 என்று வரி எண் போடுங்கள். பின்னால் யாராவது “மூன்றாம் பக்கம் பதினோராம் வரி” என்றால் உடனே காட்ட முடியும். பிழை இருந்தால் பிழையோடு, பேச்சு வழக்கு இருந்தால் பேச்சு வழக்கோடு, அடித்துத் திருத்தியிருந்தால் அடித்ததையும் திருத்தியதையும் சேர்த்து. யூனிகோடில் தட்டுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டினால் வேறு கணினியில் திறக்கும்போது சிதைந்துபோகும்.

இந்தப் படியைச் செய்யும்போது முதல் தகவல் அறிக்கையையும் காயச் சான்றிதழையும் படிக்காமல் இருந்தால் நல்லது. ஏற்கெனவே படித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளாதீர்கள். கதை தெரிந்த கண்ணுக்கு மங்கலான எழுத்தெல்லாம் கதைக்கு ஏற்ற மாதிரியே தெரியும். நேர்மையாக வேலை செய்கிறவர்களுக்கும் இது நடக்கும்.

பிரதியின் தரம் அடுத்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்றால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அதற்கு அடுத்து, இகரத்துக்கு மேலே வரும் கொக்கியும் உகரத்துக்குக் கீழே இறங்கும் கோடும். எனவே, நல்ல பிரதிக்கு முயற்சி செய்யாமல் “தெளிவில்லை” என்று எழுதிவிடக் கூடாது. குற்றப்பத்திரிகையோடு கொடுத்த நகல் மங்கலாக இருந்தால், படிக்கத்தக்க நகல் கேட்டு மனுப் போட வக்கீலால் முடியும். குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு இந்த வாக்குமூலங்களின் நகலைக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (பழைய 207, இப்போது 230). கோர்ட்டில் இருக்கும் மூலத்தைப் பார்வையிட முடிந்தால் இன்னும் நல்லது. நீங்களே ஸ்கேன் செய்வதாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் செய்யாமல் கலரில், 600 டிபிஐ வைத்துச் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் ஸ்கேனர் மெல்லிய கோட்டையெல்லாம் வெறும் தாளாக எண்ணி விட்டுவிடும். அதில் போன புள்ளி எவ்வளவு பெரிதாக்கினாலும் திரும்பி வராது.

சரி, இப்போது “கம்ப_” என்ற இடத்துக்கு வருவோம். கடைசி எழுத்து பு-வா, பி-யா? தாளின் மடிப்பு சரியாக அந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கொக்கி இருந்ததா என்று தெரியவில்லை. கீழே ஏதோ கோடு இருக்கிறது, ஆனால் அது அடுத்த வரியின் எழுத்தோடு கலந்திருக்கிறது. பு என்றால் கம்பு, வெறும் குச்சி. பி என்றால் கம்பி, இரும்பு. மண்டை உடைந்திருக்கிறது என்று காயச் சான்றிதழ் சொல்கிறது, முதல் தகவல் அறிக்கையில் “இரும்புக் கம்பி” என்றே இருக்கிறது. உங்கள் சீனியர் சொல்கிற ‘வழக்கைப் பார்த்தாலே தெரியும்’ என்பது இதுதான்.

இங்கே எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதே தாளில் அதே கை எழுதியதைத் தாராளமாகப் பார்க்கலாம். வழக்கின் மற்ற ஆவணங்களைப் பார்த்து எழுத்தை முடிவு செய்யக் கூடாது. ஏனென்றால் இந்தச் சாட்சி சொன்னது மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதைத்தான் கோர்ட் பார்க்கப் போகிறது. நீங்களே அதை ஒத்துப்போக வைத்துவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

அதே கையைப் பார்ப்பது என்றால் இப்படி. அந்த ரைட்டர் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றிலும் உள்ள பு, பி எழுத்துகளைத் தேடி எடுங்கள். “புறப்பட்டு”, “பிறகு”, “திரும்பி”, “அனுப்பு” என்று நிறையக் கிடைக்கும். பத்துப் பதினைந்தை வெட்டி ஒரே தாளில் ஒட்டிப் பாருங்கள். இந்தக் கை பு-வின் கோட்டை எப்போதும் நீளமாக இழுக்கிறதா, குட்டையாக முடிக்கிறதா? பி-யின் கொக்கி பக்கத்து எழுத்தைத் தொடுமா? அப்புறம் அதே சொல் வேறு வேற்றுமையில் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இது பல நேரம் கைகொடுக்கும். கம்பு என்றால் “கம்பால்”, “கம்பை” என்று வரும். கம்பி என்றால் “கம்பியால்”, “கம்பியை” என்று நடுவில் ஒரு யகரம் வந்தே தீரும். யகரத்தை மடிப்போ மையோ சுலபமாக மறைக்காது. மூன்றாம் பக்கத்தில் “கம்பியைக் கீழே போட்டுவிட்டு” என்று தெளிவாக இருந்தால், அதைக் குறிப்பில் சொல்லலாம். அப்போதும் முதல் இடத்தைக் கம்பி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு பேர் இரண்டு பொருள் வைத்திருந்திருக்கலாம் அல்லவா?

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த ஒரு சொல்லை மட்டும், முன்னும் பின்னும் இரண்டு சொற்களோடு படமாக வெட்டி, வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத, கையெழுத்துப் படித்துப் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள். “இது கம்பியா?” என்று கேட்காதீர்கள், “என்ன எழுதியிருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். இப்படி இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சொல்லைச் சொல்லி, எழுத்து வடிவமும் அதற்குச் சாதகமாக இருந்தால் நான் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வேன். ஒருவர் மாற்றிச் சொன்னாலும் தெளிவில்லை என்று காட்டும் குறி இருக்கட்டும்.

நம் மாதிரியில் எதுவும் தீர்வு தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆங்கிலத்தில் இரண்டு சொல்லையும் கொடுத்து, எது தெளிவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “ஆயுதம்” என்று பொதுவாக ஒரு சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாமே என்று தோன்றும். அது நடுநிலை மாதிரி தெரியும், ஆனால் அல்ல. சாட்சி ஆயுதம் என்று சொல்லவே இல்லை. ஆபத்தான ஆயுதத்தால் தாக்குவதற்கும் வெறுமனே அடிப்பதற்கும் சட்டத்தில் பிரிவே வேறு என்னும்போது, அந்தப் பொதுச்சொல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

எல்லாச் சிக்கலுக்கும் “தெளிவில்லை” என்று ஒரே குறியைப் போடுவதும் சரியில்லை. எழுத்தே தெரியாதது ஒரு வகை. எழுத்து தெரிந்தும் இரண்டு சொல்லாகப் படிக்க முடிவது இன்னொரு வகை. சொல் தெளிவாக இருந்தும் தமிழே இரண்டு பொருளுக்கு இடம் கொடுப்பது மூன்றாவது வகை. மூலத்திலேயே பிழை மாதிரி தெரிவது நான்காவது. படிக்கிறவருக்கு இது எந்த வகை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். நான் பயன்படுத்தும் குறிகள் இப்படி இருக்கும்:

```
[illegible: 1 word, about 4 letters]
[kambu = stick, OR kambi = metal rod; last letter unclear]
[Tamil verb may mean: he, she or they]
[sic]
```

சதுர அடைப்புக்குள் இருப்பது எல்லாம் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது, வட்ட அடைப்பு இருந்தால் அது மூலத்திலேயே இருப்பது. இந்த ஒரு விதியை முதல் பக்கத்தில் எழுதிவிட்டுக் கடைசி வரை காப்பாற்றுங்கள். படிக்க முடியாத இடத்தில் எத்தனை சொல், சுமார் எத்தனை எழுத்து என்பதையும் சொல்லுங்கள். நான்கு எழுத்து மறைந்ததற்கும் இரண்டு வரி மறைந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. மூன்று புள்ளி வைத்து விடுவது மட்டும் வேண்டாம். அதைப் பார்த்தால் தேவையில்லாததை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று நினைப்பார்கள்.

மூன்றாவது வகையில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எழுத்து பளிச்சென்று இருப்பதால் இங்கே ஊகம் நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. “அடிச்சாங்க” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தது பல பேராக இருக்கலாம், மரியாதையாகச் சொல்லப்பட்ட ஒரே ஆளாகவும் இருக்கலாம். அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்றும் வினைச்சொல்லில் இல்லை. வாக்கியத்தில் எழுவாயும் இல்லை. தமிழ் காதுக்கு இது உறுத்தாது. ஆங்கிலத்தில் எழுவாய் போட்டே ஆக வேண்டும் என்பதால், கை தானாக ‘they’ என்று எழுதிவிடும். எழுதிய அந்த நொடியில் நீங்கள் வழக்கில் ஒரு ஆளையாவது கூட்டிவிட்டீர்கள். ஒருவர் அடித்தாரா, சேர்ந்து அடித்தார்களா என்பதை வைத்துத்தான் பொது எண்ணம் என்ற வாதம் வரும். ஐந்து பேருக்குக் குறையாமல் இருந்தால் சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றச்சாட்டு வரும். இவ்வளவும் ஒரு விகுதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“கடைசி வாக்கியத்திலேயே ‘ரெண்டு பேரும் ஓடிட்டாங்க’ என்று இருக்கிறதே, அப்போது பன்மைதானே?” என்று கேட்பீர்கள். ஓடியது இரண்டு பேர் என்பது சரி, அந்த வாக்கியத்தைத் தயங்காமல் பன்மையில் எழுதுங்கள். ஆனால் ஓடிய இருவரும் அடித்தார்கள் என்று சாட்சி சொல்லவில்லை. ஒருவர் அடித்து மற்றவர் பக்கத்தில் நின்றிருக்கலாம். ஜாமீன் கேட்கிறவர் அந்த இரண்டாவது ஆளாகவே இருக்கலாம். எனவே “அடிச்சாங்க” இருக்கும் இடத்தில் குறி போட வேண்டும். கம்பு அல்லது கம்பி “வைத்திருந்தாங்க” என்பதற்கும் அதுவேதான். செயப்பாட்டு வினையில் “என் மச்சான் அடிக்கப்பட்டார்” என்று எழுதி நழுவுவதை நான் செய்வதில்லை. மூலத்தில் சாட்சி அடித்தவரைப் பற்றித்தான் பேசுகிறார், அந்த ஆளை ஆங்கிலத்தில் காணாமல் செய்வதும் ஒரு மாற்றம்தான்.

எழுத்து நடையில் இருந்தாலும் இது விடாது. “அடித்தான்”, “அடித்தாள்”, “அடித்தார்” மூன்றும் கடைசி எழுத்தில்தான் பிரிகின்றன. வேகமாக எழுதுகிற கையில் அந்தக் கடைசி எழுத்து வெறும் சுழியாகத்தான் இருக்கும். அங்கே எழுத்துச் சிக்கலும் பொருள் சிக்கலும் ஒன்றாகச் சேர்ந்து வரும். வினையின் கடைசி எழுத்தை மட்டும் தாள் முழுவதும் ஒரு தடவை தனியாகச் சரிபாருங்கள்.

“யாருன்னு தெரியல” இன்னும் நுட்பமானது. ‘தெரிவது’ நமக்குக் கண்ணுக்கும் பொதுவான சொல், அறிவுக்கும் பொதுவான சொல். அந்த ஆள் முன்பின் அறியாதவர் என்றும் எடுக்கலாம், இருட்டில் முகம் அடையாளம் தெரியவில்லை என்றும் எடுக்கலாம். முன்பே தெரியாத ஆள் என்றால் அடையாள அணிவகுப்பு நடந்ததா என்ற கேள்வி வரும். இருட்டில் பார்க்க முடியவில்லை என்றால், பிறகு பெயர் சொன்னது எப்படி என்று வேறு கேள்வி வரும். விளக்கு எரியவில்லை என்று சற்று முன்னால்தானே சொன்னார், இரண்டாவது பொருள்தான் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அது வக்கீல் நின்று வாதாட வேண்டிய விஷயம், மொழிபெயர்ப்பில் முடித்துவைக்கிற விஷயமல்ல. இரண்டு பொருளையும் கொடுத்து, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பக்கத்தில் வையுங்கள்.

“மச்சான்” அப்படிப்பட்டதே. அக்காள் தங்கையின் கணவரா, மனைவியின் சகோதரரா, மாமன் அத்தை மகனா, வெறும் நண்பரா? சாட்சி உறவினரா என்பது அவர் பேச்சை எப்படி எடைபோடுவது என்பதைத் தொடும். உறவுமுறைச் சொற்களை நான் மொழிபெயர்ப்பதே இல்லை. ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் அதன் பொருள்களைக் குறிப்பாகக் கொடுத்துவிடுவேன். அரிவாளையும் அப்படித்தான். ஆங்கிலத் தீர்ப்புகளிலேயே ‘அருவாள்’ என்றுதான் எழுதுகிறார்கள்.

நான்காவது வகை சுலபம். தேதி ஒன்று, கிழமை வேறு என்று இருந்தால், எதிரியின் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் மறு இடத்தில் வேறு மாதிரியும் இருந்தால், திருத்தாதீர்கள். இருக்கிறபடி எழுதி, மூலத்திலேயே இப்படித்தான் இருக்கிறது என்று காட்டும் ‘sic’ குறியைப் போட்டு நகருங்கள்.

இப்படிப் போனால் பக்கம் முழுக்க அடைப்புக்குறியாகிவிடாதா என்பது நியாயமான கவலை. குறி எங்கே தேவையில்லை என்பதற்கும் ஒரு அளவு வேண்டும். நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்த இடத்தில், தெரிகிற எழுத்துக்கும் வாக்கியத்தின் இலக்கணத்துக்கும் பொருந்துகிற வேறு தமிழ்ச் சொல் இருக்கிறதா? இல்லை என்றால் குறி வேண்டாம். “சத்தம்” என்பதில் புள்ளி போய்விட்டது என்பதற்காக யாரும் வேறு மாதிரி படிக்கப் போவதில்லை. இருக்கிறது என்றால் குறி போட வேண்டும், அந்தச் சொல் வழக்குக்கு முக்கியமில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும். எது முக்கியம் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. 9 மணியா 7 மணியா என்பது இன்றைக்குச் சின்ன விஷயம். நாளைக்கு ஒருவர் 7 மணிக்கு வேறு ஊரில் இருந்ததாக ஆதாரம் கொண்டுவந்தால் வழக்கே அதில்தான் நிற்கும்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சாட்சிக்கே போன் போட்டுக் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். செய்யவே செய்யாதீர்கள். அவர் இன்றைக்குச் சொல்வது புதிய வாக்குமூலம், பழைய தாளில் எழுதியிருப்பது அல்ல. அதிலும் எதிரி தரப்பு ஆபீசிலிருந்து சாட்சிக்குப் போன் போனது என்றால் சாட்சியைக் கலைத்தார்கள் என்று பிரச்சினை வேறு பக்கம் திரும்பும். எழுதிய போலீஸ்காரரை என்ன எழுதினார் என்று கேட்க வேண்டுமானால், அவர் கூண்டில் இருக்கும்போது வக்கீல் கேட்கட்டும். அரசுத் தரப்பு கொடுத்த தட்டச்சுப் பிரதி உங்களிடம் இருந்தால் அதைப் பார்க்கலாம். ஆனால் அது இன்னொருவர் படித்த விதம் மட்டும்தான். உங்கள் குறிப்பில் “தட்டச்சுப் பிரதியில் கம்பி என்று உள்ளது, கையெழுத்துப் பிரதியில் தெளிவில்லை” என்று எழுதினால் இரண்டும் பதிவாகிவிடும்.

கடைசியில் சான்றுரை. “உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு” என்று ஒரு வரியோடு கையெழுத்துப் போடுவது வழக்கம். நான் கூடுதலாகச் சில வரிகள் சேர்ப்பேன்: எந்தப் பிரதியிலிருந்து மொழிபெயர்த்தேன், மூலமா நகலா, எத்தனை பக்கம், எந்தெந்தப் பக்கத்தில் எந்தெந்த வரியில் குறி இருக்கிறது, குறிகளுக்கு என்ன பொருள். வரி எண் போட்ட தமிழ்த் தட்டச்சையும், தெளிவில்லாத சொற்களின் வெட்டிய படங்களையும் பின்னிணைப்பாக வைத்துவிடுங்கள். தமிழ் தெரிந்த யாரும் உங்கள் குறியை ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். மூல நகலில் எதையும் கோடிட்டுக் காட்டாதீர்கள், பேனாவால் எழுத்தை மேலே போட்டுத் தெளிவாக்காதீர்கள்.

சீனியரிடம் இதை எப்படிச் சொல்வது? சட்டத்தையே சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டின் சுப்ரீம் கோர்ட் விதிகளில், ஆங்கிலம் அல்லாத ஆவணம் என்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பு, அல்லது கோர்ட் நியமித்த மொழிபெயர்ப்பாளர் சான்றளித்தது போன்றவை வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் நாம் ஆபீசிலேயே செய்த மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்தாலும், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் விஷயம் அந்த விதிக்குத்தான் போகும். அங்கே கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தாளை எடுத்துப் பார்த்து “இந்தச் சொல்லைப் படிக்க முடியவில்லை” என்று எழுதினால், நீங்கள் துணிந்து போட்ட ஒரு சொல்லால் மீதி பக்கங்களின் மேலும் சந்தேகம் விழும். குறி போட்ட மொழிபெயர்ப்புக்கு அந்த ஆபத்து இல்லை. இன்னும் ஒன்று: தெளிவில்லாத இடம் உங்கள் கட்சிக்காரருக்குத்தான் பெரும்பாலும் உதவும். ஆயுதம் கம்பியா கம்பா என்றே அரசுத் தரப்பின் தாளில் தெரியவில்லை என்பது ஜாமீனில் வாதாடக்கூடிய புள்ளி. ஊகித்து நிரப்பினால் அந்த வாதத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

அப்படியும் “இந்த இடத்தில் கம்பு என்றே போடு” என்று வற்புறுத்தினால், ஆவணத்தில் குறி இருக்கட்டும், மனுவின் வாதப் பகுதியில் “அந்தச் சொல்லைக் கம்பு என்றே படிக்க வேண்டும், ஏனென்றால்” என்று அவர் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள். படிப்பது எப்படி என்ற வாதத்துக்கு மனுவில் இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.